நெல் சைலோ ஒரு பக்கமாக இறங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டைப் பக்கம் அரிசி ஆலைக்காரர்கள் சாக்கையும் குடோனையும் விட்டுவிட்டுத் தகர சைலோவுக்கு மாறத் தொடங்கிய பிறகு என்னிடம் வரும் கேள்விகள் இவை. நான் சிவில் என்ஜினியர், அஸ்திவாரம்தான் என் வேலை. ஒரே ஆலையின் ஒரே சைலோவை வைத்தே பெரும்பாலான பதில்களைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அதன் அளவுகள் இவை: விட்டம் 9 மீட்டர், சுவர் உயரம் 12 மீட்டர், தட்டை அடி, சுமார் 450 டன் நெல் பிடிக்கும். கீழே 11 மீட்டர் விட்டம், 60 செ.மீ. கனமுள்ள வட்ட கான்கிரீட் ராஃப்ட், அதாவது சைலோ முழுவதையும் தாங்கும் ஒரே அஸ்திவாரப் பலகை. இடம் ஒரு பழைய கண்மாய் ஓரம். மேலே கிராவல் நிரப்பு, அதன் கீழே ராஃப்ட் முழுக்க ஏறத்தாழ 3 மீட்டர் களிமண், அதற்கும் கீழே கெட்டியான செம்புரை.

"மூணு மாடி வீட்டுக்கே அஸ்திவாரம் போட்டிருக்கோம். சைலோவுக்கு மட்டும் என்ன தனி?"

வீட்டின் பாரத்தில் பெரும்பகுதி சுவரும் தளமும்தான். கட்டும்போதே மெதுவாக ஏறி, அப்புறம் மாறாமல் நிற்கும். ஆளும் கட்டிலும் பீரோவும் அதில் சின்னப் பங்கு. சைலோவில் கதை தலைகீழ். நம் சைலோவில் தகடும் கூரையும் சேர்ந்து 18 டன், ராஃப்ட் 142 டன், நெல் 450 டன். காலியாக இருக்கும்போது மண் மேல் சதுர மீட்டருக்கு 1.7 டன். நிரம்பினால் 6.4 டன். அதாவது மண் சுமக்கும் பாரத்தில் முக்கால் பங்கு வந்து போகிற பாரம். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை அது முழுசாக ஏறி முழுசாக இறங்கும்.

இன்னொன்று, அந்த 450 டன்னும் தரையில் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நெல் சுவரில் உரசி நிற்பதால் ஒரு பகுதி பாரத்தைச் சுவரே வாங்கிக்கொள்கிறது. ஜெர்மன் என்ஜினியர் யான்சென் 1895இல் இதைக் கணக்காக்கிக் காட்டினார். இந்த அளவு சைலோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 160 டன், சுவர் வழியாக விளிம்புக்குப் போகிறது. சுற்றளவில் மீட்டருக்கு ஐந்து, ஆறு டன். தகட்டின் சொந்த எடையோ மீட்டருக்கு 0.6 டன்தான். அந்த மெல்லிய தகடு ஒரு தூணைப் போல வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"பிளேட் லோடு டெஸ்ட் எடுத்தாச்சு சார். சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும்னு ரிப்போர்ட் இருக்கு. போதாதா?"

போதாது. அந்தச் சோதனையில் மண் மேல் வைத்துப் பாரம் ஏற்றுகிற தகடு 30 செ.மீ.யோ 60 செ.மீ.யோ அகலம். ஒரு பாரத்தின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரைதான் நன்றாக எட்டும். 60 செ.மீ. தகட்டுக்கு, மேலாக இருக்கும் ஒரு மீட்டர் கிராவல் மட்டும்தான் தெரியும். 11 மீட்டர் ராஃப்ட்டோ 15 மீட்டருக்குக் கீழே உள்ள மண்ணையும் தொட்டுப் பார்க்கும். ரோலர் போட்டு இறுக்கிய கிராவலில் 20 டன் வந்ததில் ஆச்சரியமில்லை. களிமண்ணைப் பற்றி அந்தச் சோதனை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இதே தவறின் விலையைக் கனடாவில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் பார்த்தார்கள். புதிதாகக் கட்டிய பெரிய கான்கிரீட் தானியக் கிடங்கு. மேல் களிமண் விறைப்பாக இருந்ததால் தகடுச் சோதனை நன்றாகவே வந்தது. அதன் கீழிருந்த மென்களிமண்ணை யாரும் பார்க்கவில்லை. 1913 அக்டோபர் 18 அன்று, கிட்டத்தட்ட நிரம்பிய நிலையில் இறங்கத் தொடங்கி, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்து படுத்தது. கட்டடம் பெரிதாக உடையவில்லை, மண்தான் கைவிட்டது. பிறகு கீழே பாறை வரை தூண் இறக்கி நிமிர்த்திப் பயன்படுத்தினார்கள்.

அதனால் ஒரு சைலோவுக்குக் குறைந்தது இரண்டு போர், ராஃப்ட் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரை அல்லது நிஜமான கெட்டி அடுக்கு தட்டுப்படும் வரை போடச் சொல்கிறேன். களிமண் வந்தால் கலையாத மாதிரி எடுத்து, எவ்வளவு இறுகும், எவ்வளவு நாளில் இறுகும் என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நம் பகுதியில் ஒரே வயலில் இந்த மூலை செம்புரை, அந்த மூலை கண்மாய்க் களி என்று இருப்பது சாதாரணம். ஒரு போர் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

"அறுவடை நேரம், லாரி வரிசையில நிக்குது. முதல் தடவையே முழுசா ஏத்திடலாமா?"

களிமண் மேல் நிற்கிற சைலோ என்றால் கூடாது. ஈரக் களிமண்ணில் திடீரென்று பாரம் ஏற்றினால், அதை முதலில் வாங்குவது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்தான். தண்ணீர் பிழிந்து வெளியே போகப் போகத்தான் மண் இறுகிப் பலம் பெறும். நமக்குச் சம்பா அறுவடை தை, மாசியில். அதற்கு முன்புதான் வடகிழக்கு மழை முடிந்து, களி நன்றாக ஊறியிருக்கும். ஆக முதல் நிரப்பு விழுவது மண் மிக மெத்தென்று இருக்கும் காலத்தில்.

நான் மூன்று தவணையாக ஏற்றச் சொல்வேன். மூன்றில் ஒரு பங்கு ஏற்றிவிட்டு நிறுத்தி, தினமும் லெவல் பார்ப்பது. இறக்கம் வாரத்துக்கு 1 மி.மீ.க்குக் கீழே வந்த பிறகு அடுத்த தவணை. இது என் சொந்தக் கணக்கு, தரநிலையில் உள்ள எண் அல்ல. நாளுக்கு நாள் இறக்கம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், காத்திருக்க வேண்டாம், நெல்லை இறக்கிவிடுங்கள்.

"சுவரோரத்துல ஒரு கேட் வச்சிருக்கோம், லாரிக்கு வசதி. அது வழியா எடுத்தா என்ன ஆகும்?"

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருந்த பத்தாயத்தை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் அடியில் சின்னத் துவாரம். அதைத் திறந்தால் முன்பக்க நெல் குழி விழுந்து வந்துகொண்டே இருக்கும், பின்பக்க நெல் அசையாது. "பின்னால இருக்கறது போன வருஷத்துது" என்று ஆச்சி சொல்வது அதனால்தான். சுவரோர கேட் உள்ள சைலோவிலும் இதேதான் நடக்கிறது. கேட்டுக்கு நேர் மேலே சுவரை ஒட்டி நெல் ஒரு குழாய் போல இறங்குகிறது, மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது. பத்தாயம் பலகை, ஆளுயரம், அதனால் தாங்கியது.

இங்கே முதலில் அடிபடுவது அஸ்திவாரம் அல்ல, தகடு. ஓடுகிற நெல் சுவரைத் தள்ளும் விசை மிகக் குறைவு. நிற்கிற நெல் பழையபடி பலமாகத் தள்ளும். வட்டத்தைச் சுற்றிலும் ஒரே அளவு தள்ளினால் தகடு இழுபட்டு வட்டமாகவே நிற்கும். ஒரு பட்டையில் மட்டும் தள்ளல் குறைந்தால் அந்த இடம் தட்டையாகும். அதே நேரம் மேலிருந்து மீட்டருக்கு சில டன் பாரம் தகடு வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. வளைந்த தகடு தாங்கும் பாரத்தைத் தட்டையான தகடு தாங்காது, உள்ளே நசுங்கும். கேட் இருக்கும் பக்கம், நடு உயரத்தை ஒட்டி, காலை வெயிலில் சாய்வாகப் பார்த்தால் ஒரு பள்ளம் நிழலாகத் தெரியும். நிற்கும் ஸ்டிஃப்னர் லேசாக வளைந்திருக்கும், போல்ட் துளைகள் முட்டை வடிவமாகியிருக்கும். பார்த்தால் உடனே கேட்டை மூடிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

தட்டை அடி சைலோவில் சரியான வரிசை இதுதான்: முதலில் நடுச் சம்ப், அதாவது தரையின் நடுவில் நெல் இறங்கும் குழி, அதன் கேட் மட்டும். அதில் தானாக வருவது முழுக்க நின்ற பிறகுதான் நடுவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைச் சம்ப்கள். அப்புறம், மிச்ச நெல்லைத் தரையோடு சுற்றி வந்து நடுவுக்குத் தள்ளும் ஸ்வீப் ஆகர். இடைச் சம்ப்பை முதலில் திறந்து சுவரை நசுக்கிய ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மேனேஜர் வைத்துக்கொள்வது பழைய முறை, ஆனால் வேலை செய்கிறது.

"சரி, சுவருக்குத்தான் கெடுதல். அஸ்திவாரத்துக்கு அதனால என்ன?"

இதற்குத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எண் கொஞ்சம் ஏமாற்றும். நம் சைலோவில் பாதி நெல்லைத் தெற்குச் சுவர் கேட் வழியாக எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். மீதி 225 டன் வடக்கே உயர்ந்து தெற்கே சரிந்து கிடக்கும். அதன் எடை மையம் நடுவிலிருந்து சுமார் 40 செ.மீ. வடக்கே தள்ளிப்போகும். ராஃப்ட்டின் வட விளிம்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.8 டன், தென் விளிம்பில் 3.3 டன்.

இதைப் பார்த்துப் பலர், "நிரம்பினாலே 6.4 டன் வருதே, 4.8 என்ன பெரிசு?" என்று கேட்பார்கள். மண் தாங்குமா என்ற கேள்விக்கு அது நியாயமான பதில். தாங்கும். ஆனால் களிமண்ணைப் பொறுத்தவரை பாரம் எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எத்தனை நாள் இருந்தது என்பது மறு பாதி.

கேட்டில் தானாக வருவது நிற்கும்போதும் உள்ளே நெல் காலியாகாது. கேட்டிலிருந்து எல்லாத் திசையிலும் சுமார் 30 டிகிரி சரிவில் மேலேறி வடச் சுவர் ஓரம் குவிந்து நிற்கும். இந்த விட்டத்தில் அது சுமார் 105 டன், மொத்தத்தில் கால்வாசி. அதை ஆகர் விட்டு எடுக்க ஒரு நாள் வேலை. அறுவடை நேரத்தில் யார் எடுப்பார்கள்? அதன் மேலேயே அடுத்த லோடைக் கொட்டுவார்கள். அப்போது தெற்குப் பக்க மண் ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு விட்டுக்கொள்கிறது. வடக்குப் பக்க மண்ணுக்கு வருஷம் முழுக்க ஓய்வே இல்லை. களிமண்ணிலிருந்து தண்ணீர் பிழிவது மாதக் கணக்கில் நடக்கும் வேலை என்பதால், ஓய்வில்லாத பக்கம் கூடுதலாக இறங்குகிறது.

"ஒவ்வொரு தடவை நெல் ஏத்தும்போதும் இறங்கிக்கிட்டேதான் இருக்குமா?"

இறங்கும், ஆனால் படிப்படியாகக் குறைய வேண்டும். நெல்லை எடுத்தால் மண் கொஞ்சம் மேலே எழும். ஆனால் இறங்கியதில் சின்னப் பங்குதான் திரும்பக் கிடைக்கும். களிமண் ஒருமுறை பார்த்த பாரத்தை மறக்காது. இரண்டாம் தடவை அதே பாரம் வந்தால் குறைவாகத்தான் இறங்கும், முதல் தடவை பாதியில் நின்றுபோன இறுகலின் மீதியும் அதோடு சேரும்.

நம் சைலோவில் நான்கு நிரப்புக்குச் சராசரி இறக்கம் இப்படி வந்தது: முதலில் 16 மி.மீ., அடுத்து 7, அப்புறம் 4, கடைசியில் 3. மொத்தம் 30. எந்த மண் என்ஜினியரும் இதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். நானும் ஆட்டினேன். சாய்வைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்பது என் தவறு.

"இறக்கத்தை நாங்களே அளக்க முடியுமா? எப்படி?"

முடியும். ராஃப்ட் மேல், சுவரை ஒட்டி, சம இடைவெளியில் எட்டு ஸ்டீல் குமிழ் பதியுங்கள். நிரப்பும் முன்பே பதிக்க வேண்டும். நிரம்பிய பின் பதித்தால் முதல் 16 மி.மீ. கணக்கிலேயே வராது. உயரம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க அசையாத பெஞ்ச்மார்க் புள்ளி ஒன்று போதும். பெஞ்ச்மார்க்கைச் சைலோவிலிருந்து தள்ளி, களி இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஆலைச் சுவரில் கோடு கிழித்து அதையே பெஞ்ச்மார்க் என்று வைத்திருந்தார் ஒருவர். சைலோவோடு சேர்ந்து சுவரும் இறங்கியதால் கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து நம் சைலோவின் எட்டுப் புள்ளிகள், தெற்கு கேட்டில் தொடங்கி மேற்கு வழியாகச் சுற்றி: 23, 26, 31, 40, 43, 34, 23, 20 மி.மீ. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. மொத்த சைலோவும் ஒரு பலகை போலச் சாய்வது ஒன்று. அடி வட்டமே முறுக்கிக்கொள்வது இன்னொன்று. சாய்வைத் தகடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முறுக்கலைப் பொறுக்காது, மேலே வட்டம் நீள்வட்டமாகும்.

பிரிக்க எளிய வழி இருக்கிறது. எதிரெதிர் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். வெறும் சாய்வு என்றால் நான்கு ஜோடிக்கும் ஒரே எண் வரும். இங்கே ஒன்றும் ஐந்தும் 33, இரண்டும் ஆறும் 30, மூன்றும் ஏழும் 27, நான்கும் எட்டும் 30. பொதுச் சராசரி 30இலிருந்து மேலும் கீழும் 3 மி.மீ.தான் முறுக்கல். 60 செ.மீ. ராஃப்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. எல்லா முறுக்கலும் இந்த ஜோடிக் கணக்கில் சிக்காது. அதனால் எட்டு எண்ணையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள், ஒரே ஒரு மேடும் ஒரே ஒரு பள்ளமுமாக வழவழப்பான அலையாக இருக்க வேண்டும்.

முறுக்கலைக் கழித்தால் மிச்சம் சாய்வு: வடக்குக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளி, 9 மீட்டர் விட்டத்துக்குச் சுமார் 21 மி.மீ. அதாவது 420இல் ஒன்று. ராஃப்ட் மேல் நிற்கும் சைலோவுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 விடுவது 400இல் ஒன்று. எல்லைக்கு ஒரு மயிரிழை உள்ளே.

"மண்ணுதான் மோசம்னு ஒருத்தர் சொல்றார், நெல் எடுக்கிற முறைதான் தப்புன்னு இன்னொருத்தர் சொல்றார். எதை நம்புறது?"

இந்தச் சண்டை எனக்கும் ஆலைக்காரருக்கும் ஒரு மாதம் நடந்தது. "நீங்க பார்த்த மண்ணு சரியில்ல" என்று அவர், "நீங்க எடுக்கிற கேட் சரியில்லை அண்ணே" என்று நான். தீர்த்து வைத்தது லெவல் புத்தகம்தான்.

ஒரு பக்கம் மண் மெத்தென்று இருந்து சாய்ந்தால், சாய்வும் சராசரி இறக்கமும் கூடவே வளர்ந்து கூடவே அடங்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானே. நம் சைலோவில் சராசரி இறக்கம் 16, 7, 4, 3 என்று அடங்கிக்கொண்டே வந்தது. ஆனால் விட்டத்துக்கான சாய்வு ஒவ்வொரு நிரப்பிலும் ஏறத்தாழ 6, 5, 5, 5 மி.மீ. என்று அடங்காமல் ஏறியது. அப்படியென்றால் ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. திசையும் கேட்டுக்கு ஏறக்குறைய நேர் எதிர். நாலு போரிலும் களியின் கனம் ஏறக்குறைய ஒன்றே. இதற்கு மேல் அவரும் வாதாடவில்லை.

வடக்கே கிடந்த நெல்லை ஆகர் விட்டு முழுக்க எடுத்தோம். சுவர் கேட்டுக்குத் தகடு வைத்து வெல்டு பண்ணினோம். நடுச் சம்ப்பிலிருந்து லாரி நிற்கிற இடம் வரை ஒரு கன்வேயர் போட வேண்டியிருந்தது, அதுதான் அவருக்கு வலித்தது. அடுத்த இரண்டு நிரப்பிலும் சேர்த்து சாய்வு கூடியது 2 மி.மீ. அதோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. எல்லையைச் சற்றே தாண்டித்தான் நிற்கிறது, அதனால் லெவல் எடுப்பதை விடவில்லை.

கேட் நடுவில் இருந்தும் சாய்வு அடங்கவில்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். பக்கத்தில் குழி தோண்டினார்களா, கூரைத் தண்ணீர் ஒரே மூலையில் விழுகிறதா, நெல் மேலே விழும் குழாய் நடுவில் விழாமல் ஒதுங்கி விழுகிறதா.

"இப்ப சாய்ஞ்சிருக்கு. எதிர்ப்பக்கம் நெல்லைக் குவிச்சு நிமிர்த்திடலாமா?"

கணக்குப்படி கொஞ்சம் நிமிரலாம், ஆனால் செய்யச் சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கம் குவிப்பது என்றால் வடக்குச் சுவரோரமாக எடுக்க வேண்டும், அதாவது தகட்டை நசுக்கும் அதே வேலையை இன்னொரு பக்கம் செய்வது. அதோடு தென்பக்க மண் இறங்குமே தவிர வடபக்கம் எழாது.

சாய்வு தானாகவே பெருகி விழுந்துவிடுமோ என்ற பயம் இந்த உருவத்துக்குத் தேவையில்லை. 200இல் ஒன்று சாய்ந்தாலும், நிரம்பிய நெல்லின் எடை மையம் நகர்வது 3 செ.மீ. சொச்சம். ஓரக் கேட் நகர்த்தும் 40 செ.மீ.க்கு முன் அது ஒன்றுமில்லை. ஒல்லியான, உயரமான கான்கிரீட் சைலோ என்றால் இப்படிச் சொல்லிவிட்டு உட்கார முடியாது.

"பக்கத்துலயே ரெண்டாவது சைலோ வைக்கப் போறோம். எவ்வளவு இடைவெளி விடணும்?"

இரண்டு ராஃப்ட்டும் தொடாமல் இருந்தாலும், ஆழத்தில் இரண்டின் அழுத்தமும் ஒன்றோடொன்று கலக்கும். நடுவில் உள்ள களி இரண்டு பாரத்தையும் சுமப்பதால் இரண்டு சைலோவும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். புதியதை முழுசாக ஏற்றினால் பழையது அந்தப் பக்கம் சாய்வது தெரியும். ராஃப்ட் விட்டம் அளவு இடைவெளி கிடைத்தால் கவலை பெரிதும் குறையும். ஆலை மனையில் அவ்வளவு இடம் யாருக்கும் கிடைப்பதில்லை. அப்போது இரண்டையும் ஒரே ராஃப்ட்டில் வைக்கலாம், அல்லது களியைத் தாண்டிச் செம்புரை வரை பைல் இறக்கலாம். ஒரே ராஃப்ட் என்றால் ஒன்றை நிரப்பி ஒன்றைக் காலியாக மாதக் கணக்கில் வைக்கக் கூடாது. இரண்டிலும் பாதிப் பாதியாக ஏற்றி இறக்க வேண்டும்.

"அடித் தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல சந்து விழுந்திருக்கு. சிமென்ட் பூசி மூடிடலாமா?"

பூசும் முன் அளந்து எழுதி வையுங்கள்: எந்தப் புள்ளியில் எத்தனை மி.மீ., சைலோவில் அன்று எத்தனை டன். அந்தச் சந்து இருக்கும் இடத்தில் சுவர் அந்தரத்தில் நிற்கிறது, அதன் பங்குப் பாரம் இருபுறமும் ஒதுங்கியிருக்கிறது. காலியாக இருக்கும்போது, சுருங்காத கிரௌட் ஊற்றி நிரப்பலாம். மேலாகப் பூசிய சிமென்ட் பாரம் வாங்காது, சந்தை மறைக்க மட்டும்தான் செய்யும். அடுத்த தடவை நான் வந்து பார்க்கும்போது எனக்கும் தெரியாமல் போய்விடும்.